கலந்து பேசும் காணொளிகளின் எழுத்துப்படியை நம்புவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் தோழிக்கு ஒரு கேள்வி இருந்தது. விளையாட்டு நேரத்தில் பிள்ளைகள் எப்போது தமிழில் பேசுகிறார்கள், எந்த இடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள்? பெற்றோரின் ஒப்புதலோடு எடுத்த காணொளிகள் அவரிடம் இருந்தன. அவற்றைப் பேச்சுணரி மென்பொருளில் போட்டு, வந்த எழுத்துப்படியில் சொற்களை எண்ணிவிடலாம் என்று நினைத்தார். படி அழகாக இருந்தது. தமிழ் வாக்கியங்கள் சீராக ஓடின. அந்தச் சீர்தான் எனக்குக் கவலை தந்தது, ஏனென்றால் நம் பிள்ளைகள் அப்படிப் பேசுவதில்லை.

ஒலியைக் கேட்காமல் எழுத்தை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்வதுதான் முதல் தவறு. பழைய மென்பொருள்கள் பிழை செய்தால் உளறலாக எழுதும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். இன்றைய மென்பொருள்கள் பிழை செய்யும்போதும் சரளமாகவே எழுதுகின்றன. ஒரு பிள்ளை பொம்மை வண்டியைத் துரத்திக்கொண்டே சொன்னதையும், அதற்குக் கிடைக்கக்கூடிய இரண்டு படிகளையும் பாருங்கள்:

```
பேசியது: இந்த லாரி வெரி ஃபாஸ்ட் நான் பிடிக்க முடியாது
படி 1:   இந்த லாரி very fast நான் பிடிக்க முடியாது
படி 2:   இந்த லாரி மிகவும் வேகமாக நான் பிடிக்க முடியாது
```

பேசியது 7 சொற்கள். வழக்கமான அளவுகோல் சொற்பிழை விகிதம்: மாறிய, விடுபட்ட, புதிதாக நுழைந்த சொற்களைக் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பது. இரண்டு படிகளிலும் 2 சொற்கள் மாறியிருப்பதாகக் கணினி எண்ணும். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்: 7-க்கு 2, ஏறத்தாழ 28.6 விழுக்காடு. ஆனால் முதல் படியில் தவறே இல்லை. வரிவடிவம் மட்டும்தான் வேறு. இரண்டாவது படியில் பிள்ளை பேசிய ஆங்கிலம் தடயமின்றி மறைந்துவிட்டது. தோழி தேடிய விடை அந்த இரண்டு சொற்களில்தான் இருந்தது.

எனவே விகிதத்தைக் கணக்கிடும் முன் வரிவடிவத்தை ஒன்றாக்க வேண்டும். ஆங்கிலச் சொற்களை எந்த எழுத்தில் எழுதுவது என்று விதி வகுத்து, கையால் எழுதிய மூலப்படியையும் கணினிப்படியையும் அந்த விதிக்குள் கொண்டுவாருங்கள். அதன் பிறகு முதல் படியின் பிழை 0 ஆகும். இரண்டாவது அப்படியே நிற்கும். ‘லாரி’ தமிழா, ஆங்கிலமா என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும். நாங்கள் ‘பஸ்’, ‘லாரி’ போன்றவற்றைத் தமிழாகவே எண்ணினோம். வேறு முடிவும் எடுக்கலாம். எண்ணும்போது நடுவில் மாற்றக்கூடாது.

மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலும் பலர் சறுக்குகிறார்கள். 2022-இல் வெளிவந்த விஸ்பர் என்ற பேச்சுணரி மென்பொருள் ஒலியை 30 விநாடித் துண்டுகளாகப் பார்க்கிறது. மொழியை நாம் குறிப்பிடாவிட்டால், அதன் பைத்தான் கருவி முதல் 30 விநாடியை மட்டும் கேட்டு மொழியைத் தீர்மானித்து, கோப்பு முழுவதற்கும் அதையே கொள்கிறது. தோழியின் காணொளி ஒன்று ஆங்கில வாழ்த்தோடு தொடங்கியது. அதன் பிறகு வந்த தமிழ்ப் பேச்சு ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. `language="ta"` என்று கொடுத்தால் சிக்கல் எதிர்ப்பக்கம் சாய்கிறது: மேலே கண்ட இரண்டாவது படியைப்போல ஆங்கிலம் தமிழாகிவிடலாம். ஆகவே ஒரே காணொளியை `ta` கொடுத்து ஒருமுறை, `en` கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டும் பொருளில் முரண்படும் விநாடிகளை முதலில் காதால் கேளுங்கள். வேறு எந்தக் கணக்கும் இல்லாமலேயே மோசமான இடங்களில் பல இப்படிப் பிடிபட்டுவிடும்.

அடுத்த தவறு கண்ணுக்கே தெரியாதது. எனக்கு மிகவும் கோபமூட்டுவதும் அதுதான். ஒப்பிடும் முன் நிறுத்தற்குறிகளை நீக்கி உரையைச் சீராக்குவது வழக்கம். விஸ்பருடன் வரும் `BasicTextNormalizer`, யூனிகோடில் ‘M’ வகையைச் சேர்ந்த குறிகளையும் நீக்கி அங்கே இடைவெளி விடுகிறது. தமிழின் துணையெழுத்துகளும் புள்ளியும் அந்த வகையில்தான் அடங்குகின்றன. ‘போகிறேன்’ என்பது ‘ப க ற ன’ ஆகிவிடுகிறது. ‘போகிறான்’ என்பதும் அதே ‘ப க ற ன’. போவது நானா, அவனா என்ற வேறுபாடே மதிப்பெண்ணில் பதிவாகாது. ‘முடியும்’, ‘முடியாது’ இரண்டும் ‘ம ட ய ம’, ‘ம ட ய த’ என்று ஆகி, பொருள் தலைகீழாக மாறிய ஒரு முழுச்சொல் பிழை நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். யாராவது தமிழுக்கு மிகக் குறைந்த பிழை விகிதத்தைக் காட்டினால், உரையை எப்படிச் சீராக்கினார்கள் என்று முதலில் கேளுங்கள். நீங்களே செய்யும்போது நிறுத்தற்குறிகளை மட்டும் நீக்கி, இரு உரைகளையும் யூனிகோடின் சீரான NFC வடிவத்துக்கு மாற்றினால் போதும்.

மூலப்படியை எப்படி உருவாக்குவது? கணினிப்படியைத் திறந்து வைத்துக்கொண்டு அதைத் திருத்தி எழுதாதீர்கள். கண் படித்ததையே காது கேட்கத் தொடங்கிவிடும். ‘மிகவும் வேகமாக’ என்று எழுதியிருந்தால் பிள்ளையும் அப்படித்தான் சொன்னது என்று தோன்றும். வெறும் ஒலியிலிருந்து எழுத வேண்டும். எல்லாக் காணொளிகளிலிருந்தும் 20 விநாடித் துண்டுகள் 30 எடுத்தால் மொத்தம் 10 நிமிடம்தான் ஆகும். தொடக்கத்திலிருந்து மட்டும் எடுக்காமல், மொழி மாறும் பகுதிகள் பாதியளவாவது வரும்படி பாருங்கள். யாரும் பேசாமல் பிள்ளைகள் படம் வரையும் துண்டுகளும் சில இருக்கட்டும். அமைதியில்கூட மென்பொருள் வாக்கியங்களை இட்டுக்கட்டுவதுண்டு.

கணக்கிடும்போது எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே சராசரி எடுத்தால் உழைப்பு வீணாகும். சுத்தத் தமிழ்ப் பகுதிகள் நன்றாக வந்திருந்தால், அவை மொழி மாறும் இடங்களின் சேதத்தை மறைத்துவிடும். மூலப்படியில் மொழி மாறும் ஒவ்வோர் இடத்தையும் குறித்து, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு சொற்களை மட்டும் தனியே எண்ணுங்கள். தமிழில் மொழி ஒரு சொல்லுக்குள்ளேயே மாறுவதும் உண்டு: ஆங்கிலப் பகுதியோடு தமிழ் வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்கிறது. ‘டீச்சருக்குக் கொடுத்தான்’ என்பதில் ‘உக்கு’ போய்விட்டால், வாங்கியவர் கொடுத்தவராகிவிடுவார். இப்படிப்பட்ட ஒட்டுச் சொற்களுக்கு ஒரு தனி எண்ணிக்கை வையுங்கள்.

‘சிங்கப்பூர்க் கலப்புப் பேச்சில் சோதித்தது’ என்று ஒரு மென்பொருளுக்கு விளம்பரம் இருந்தால், எந்த மொழிகளின் கலப்பு என்று பாருங்கள். ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பயன்படுத்தும் சீமே தொகுப்பு, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பதிவான மாண்டரின்-ஆங்கிலப் பேச்சு. அதில் பெற்ற மதிப்பெண், நம் ‘டீச்சருக்கு’ என்ன ஆகும் என்று சொல்லாது.

தோழியின் காணொளிகளில் சுத்தத் தமிழ்த் துண்டுகள் பெரும்பாலும் சரியாக இருந்தன. மொழி மாறும் இடங்களில் ஆங்கிலம் திரும்பத் திரும்பத் தமிழாகியிருந்தது. அதனால் எழுத்துப்படியை ஒரே வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்: லாரி, மணல், சண்டை என்று எதைப் பற்றிய பேச்சு எந்த நிமிடத்தில் வருகிறது என்று தேடிக் கண்டுபிடிக்க. அந்த நிமிடத்துக்குப் போய், எந்தச் சொல் எந்த மொழி என்பதை அவர் காதால் கேட்டு எண்ணுகிறார்.