பட்டு நூல் வளையலைப் போனில் படமெடுப்பது: நிறம் மாறாமல் வர என்ன செய்யணும்?

"அக்கா, படத்துல செங்கல் கலரா இருந்துச்சு, கைக்கு வந்தது அரக்கு. என் ரவிக்கைக்குப் பொருந்தவே இல்ல." நான் பட்டு நூல் வளையல் விற்க ஆரம்பித்த புதிதில் வந்த மெசேஜ் இது. வளையல்மேல் தப்பில்லை. ராத்திரி வேலையெல்லாம் முடித்துவிட்டு ஹாலில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படம் அது, அரக்கு அதில் செங்கலாகத்தான் தெரியும். வளையல் வாங்குகிறவர்கள் புடவைக்குப் பொருத்தம் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், அதனால் படம் அழகாக வருவதைவிட நிறம் சரியாக வருவதுதான் நமக்கு முக்கியம். கேமரா தேவையில்லை, இருக்கிற போனே போதும்.

முதலில் இடம். வெயில் நேராக விழாத ஒரு ஜன்னலைப் பாருங்கள். அதை ஒட்டி ஒரு மேஜையோ ஸ்டூலோ போட்டு, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி வளையலை வையுங்கள். நூல் சுற்றிய வரிவரியான பளபளப்பு பக்க வெளிச்சத்தில்தான் எழும்பித் தெரியும், நேராக முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் பிளாஸ்டிக் வளையல் மாதிரி தட்டையாகிவிடும். அந்த ஜன்னலில் வெயில் அடித்தால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி விடுங்கள். வெள்ளைதான் வேண்டும், பச்சைத் திரை போட்டால் வளையலிலும் பச்சை ஏறும். மேகமூட்டமான நாள் கிடைத்தால் விடாதீர்கள், வேட்டிகூடத் தேவைப்படாது.

அப்புறம், அறையில் எரிகிற டியூப்லைட், பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பலரும் செய்யும் தப்பு இதில்தான். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், பல்பு வெளிச்சம் வேறு நிறம். இரண்டும் சேர்ந்தால் வளையலின் ஒரு பக்கம் நீலம் தட்டும், மறுபக்கம் மஞ்சள் தட்டும், அதை எந்த எடிட்டிங்காலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஃபிளாஷும் வேண்டாம், கல் பதித்த இடமெல்லாம் வெள்ளைப் பொட்டாகிவிடும்.

பின்னணிக்கு ஒரு வெள்ளைச் சார்ட், வழவழப்பில்லாததாக. ஒரு ஓரத்தைச் சுவரில் ஒட்டி, மறு ஓரத்தை மடிக்காமல் வளைத்து மேஜைமேல் விரித்தால் சுவரும் மேஜையும் சேரும் கோடு படத்தில் வராது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நிழல் கறுப்பாக விழுந்தால் அங்கே ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்துங்கள் (கொலு வைத்து மிச்சமானது போதும்), நிழல் இளகிவிடும்.

இப்போது போன். லென்ஸைப் பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, வளையலிலும் பசைத் தடமோ நூல் பிசிறோ இருக்கிறதா என்று பாருங்கள், கண்ணுக்குத் தப்பியது படத்தில் தப்பாது. மூக்கு இடிக்கிற மாதிரி கிட்டே போகாதீர்கள். கிட்டே போனால் முன்னால் இருக்கும் வளையல் பெரிதாக வீங்கியும் பின்னால் இருப்பது சூம்பியும் தெரியும், சில சமயம் ஃபோகஸே ஆகாது. கொஞ்சம் பின்னால் தள்ளி 2x வைத்து எடுங்கள். போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து 3 நொடி டைமர் போட்டால் கை ஆட்டம் இருக்காது.

வளையல்மேல் விரலை வைத்து, ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும் வரை அழுத்திப் பிடியுங்கள். வெள்ளைச் சார்ட் திரையில் சாம்பலாகத் தெரியும். போன் எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும், நிறைய வெள்ளை இருந்தால் தானாகவே இருட்டாக்கிவிடும். பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கொஞ்சமாக மேலே நகர்த்துங்கள். சார்ட் வெளுத்து, நூல் வரிகள் மறையாமல் இருக்கும் இடத்தில் நிறுத்தினால் சரி.

ஃபில்டர் எதுவும் போடாதீர்கள். எடிட்டில் நிறவெப்பம், அதாவது நீலம் மஞ்சள் பக்கம் நகர்த்தும் அந்த ஒரு கோட்டை மட்டும், சார்ட் வெள்ளையாகும் வரை நகர்த்துங்கள். சார்ட் வெள்ளையானால் அரக்கும் பெரும்பாலும் அரக்காகிவிடும். அப்புறம் ஜன்னலோரம் நின்று வளையலையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண் பாதுகாப்புக்காகத் திரையை மஞ்சளாக்கும் வசதி ஆனில் இருந்தால் முதலில் அதை அணைக்க வேண்டும். நான் அதை மறந்துவிட்டு ஒரு முழு செட்டையும் நீலமாக்கி வைத்திருந்தேன். கத்திரிப்பூ, மயில் கழுத்து மாதிரி நிறங்கள் எவ்வளவு செய்தாலும் கொஞ்சம் விலகித்தான் நிற்கும். அதற்கு ஜன்னலோரம் வளையலைத் திருப்பித் திருப்பிக் காட்டும் ஒரு சின்ன வீடியோவும் சேர்த்துப் போடுங்கள்.

கடைசியாக அளவுப் படம். வளையலைத் தட்டையாக வைத்து, உள்வட்டத்தின் குறுக்கே ஸ்கேலை வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். 2.4 என்றால் உள்விட்டம் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும், அதாவது சுமார் 57 மில்லிமீட்டர். 2.6 சுமார் 60. மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், கையில் ஏறாதபோதுதான் தெரியும்! வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது HD என்பதைத் தொட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் படம் சுருங்கி, கஷ்டப்பட்டுப் பிடித்த அந்த நூல் வரியெல்லாம் குழைந்துபோய்த்தான் அந்தப் பக்கம் சேரும்.