வேலையில் இருந்துகொண்டே வேலை தேடுவது: இன்டர்வியூ நேரத்தைச் சத்தமில்லாமல் அமைப்பது எப்படி?

நான் மாட்டிக்கொண்டது ஒரு காலண்டரால். டீம் மீட்டிங்கில் என் லேப்டாப் திரையைப் பகிர்ந்துகொண்டிருந்தேன். வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி, "Interview – Round 2, 15 minutes" என்றது. சொந்தக் கூகுள் கணக்கை அந்த லேப்டாப்பில் எப்போதோ திறந்து வைத்திருந்தேன். எட்டுப் பேர் பார்த்தார்கள், ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அன்று மாலை மேனேஜர் கேட்டார்.

பெரும்பாலும் விஷயம் இப்படித்தான் கசிகிறது. யாரும் நம்மை வேவு பார்ப்பதில்லை. நாமே ஏதாவது ஒரு கதவைத் திறந்து வைத்துவிடுகிறோம். முதன்முறை இப்படித் தேடுபவர்களுக்காக, எந்தக் கதவை எப்போது மூடுவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ஆபீஸ் கருவிகளைத் தொடாதீர்கள்

ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் மெயில், ஆபீஸ் வைஃபை, ஆபீஸ் பிரிண்டர் எதுவும் வேண்டாம். இன்காக்னிட்டோவில் திறந்தால் தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது உங்கள் பிரவுசரின் வரலாற்றைத்தான் சேமிக்காமல் விடும். எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது ஆபீஸ் நெட்வொர்க்கிலோ லேப்டாப்பில் உள்ள கண்காணிப்பு மென்பொருளிலோ பதிவாகலாம். சொந்தப் போன், அதன் மொபைல் டேட்டா, வேலை தேடலுக்கென்றே ஒரு தனி மெயில் முகவரி: இவை போதும்.

போனிலும் ஒரு வேலை இருக்கிறது. லாக் ஸ்கிரீனில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி நோட்டிஃபிகேஷனை மாற்றுங்கள். அழைப்பவர் பெயரைக் காட்டும் ஆப் வைத்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. மேஜை மேல் கிடக்கும் போனில் யாரோ ஒருவரின் பெயரோடு "HR" என்று பளிச்சென்று வந்தால், பக்கத்து இருக்கைக்காரருக்கு அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை.

படி 2: லிங்க்ட்இன்னை அமைதியாக்குங்கள்

புரொஃபைலைத் திருத்துவதற்கு முன்னால் Settings & Privacy பக்கத்துக்குப் போய், உங்கள் மாற்றங்களைத் தொடர்பில் இருப்பவர்களுக்கு அறிவிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். Open to work வசதியில் இரண்டு தேர்வுகள் உண்டு. எல்லோருக்கும் காட்டுவதைத் தேர்ந்தால் உங்கள் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். அது வேண்டவே வேண்டாம். Recruiters only என்பதைத் தேர்ந்தால், உங்கள் கம்பெனியைச் சேர்ந்த ஆளெடுப்பவர்களிடமிருந்து அதை மறைக்க லிங்க்ட்இன் முயலும். முழு உத்தரவாதம் தர முடியாது என்று அவர்களே சொல்கிறார்கள். சின்னத் துறையில் இருப்பவர்கள் அதையும் அணைத்துவிட்டு நேரடியாக விண்ணப்பிப்பது நல்லது.

புரொஃபைல் ஒரே நாளில் முழுதாக மாற வேண்டாம். மூன்று வருடம் தூங்கிக்கிடந்த புரொஃபைல் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் புதுப்படம், புதுத் தலைப்பு, பத்துத் திறமைகள் என்று மின்னினால், அதைப் பார்ப்பவர்களுக்குக் காரணம் புரிந்துவிடும்.

படி 3: ஏஜென்சியிடம் ஒரு நிபந்தனை

இடையில் இருக்கும் ஏஜென்சிகள் சில நேரம் உங்களைக் கேட்காமலே ரெஸ்யூமேயை நாலைந்து கம்பெனிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். "பெயர் சொல்ல முடியாத பெரிய நிறுவனம்" என்று சொல்லப்படுவது உங்கள் கம்பெனியாகவே இருக்கலாம். அதனால் "கம்பெனிப் பெயரை என்னிடம் சொல்லி, என் சம்மதம் வாங்கிய பிறகுதான் அனுப்ப வேண்டும்" என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள். அதை மெயிலிலும் எழுதிவிடுங்கள். மறுப்பவரோடு தொடர வேண்டாம்.

படி 4: நேரத்தை நீங்கள் முன்மொழியுங்கள்

பலரும் தடுமாறுவது இங்கேதான். "எப்போது வசதி?" என்று கேட்டால், ஆர்வம் குறைவாகத் தெரியுமோ என்று பயந்து "எப்போது வேண்டுமானாலும்" என்று சொல்லிவிடுகிறோம். அப்புறம் செவ்வாய் காலை 11 மணிக்கு மாட்டிக்கொண்டு முழிக்கிறோம்.

ஓர் உதாரணம். காலை 9.30 முதல் மாலை 6.30 வரை வேலை பார்க்கிறீர்கள். புதுக் கம்பெனியில் நான்கு சுற்று.

முதல் சுற்று ஹெச்ஆரோடு 20 நிமிடப் போன் பேச்சு. இதை மதிய இடைவேளையில் வைக்கலாம். ஆனால் படிக்கட்டிலோ கார் நிறுத்துமிடத்திலோ பேசாதீர்கள். குரல் எதிரொலிக்கும், தெரிந்தவர் வருவார். ஐந்து நிமிடம் நடந்து போய்ப் பேசுங்கள்.

இரண்டாவது, ஒரு மணி நேர வீடியோ பேச்சு. காலை 7.30 மணிக்கு வீட்டிலிருந்து கேளுங்கள். ஒரு மணி நேரம் என்று சொன்னது பெரும்பாலும் நீளும், அதனால் அரை மணி நேரம் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். 8.30க்குத் தொடங்கினால் கடைசிக் கேள்விகளின்போது கண் கடிகாரத்திலேயே இருக்கும்.

மூன்றும் நான்கும் நேரில். இவற்றை ஒரே நாளில் வைக்க முடியுமா என்று கேளுங்கள்:

"வணக்கம். நான் தற்போது வேலையில் இருப்பதால், அடிக்கடி விடுப்பு எடுப்பது சிரமம். மீதமுள்ள இரண்டு சுற்றுகளையும் ஒரே நாளில் வைக்க முடிந்தால் உதவியாக இருக்கும். 14, 15, 18 ஆகிய தேதிகளில் முழு நாளும் வர முடியும். என் தேடல் இப்போதைய நிறுவனத்துக்குத் தெரியாது; அதை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்."

இப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்களும் வேலையில் இருப்பவர்களை எடுத்துப் பழகியவர்கள்தான். முடியாது என்றால் காரணம் சொல்வார்கள், தேதியை மாற்றிப் பேசலாம்.

கணக்கைப் பாருங்கள்: மொத்தம் ஒரே ஒரு நாள் விடுப்பு. இதையே இரண்டு வாரத்தில் மூன்று அரை நாளாக எடுத்திருந்தால் மேனேஜர் எண்ணத் தொடங்கியிருப்பார். விடுப்புக்குக் காரணம் "சொந்த வேலை" போதும். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று கதை கட்டினால், அடுத்த வாரம் ஒருவர் அக்கறையாக "பாட்டி எப்படி இருக்காங்க?" என்று கேட்பார். அப்போது எந்தப் பாட்டி என்று நமக்கே மறந்திருக்கும்.

ஆபீஸ் காலண்டரில் நேரத்தை மறிக்க வேண்டியிருந்தால் தலைப்பில் எதுவும் எழுதாமல் Private என்று குறியுங்கள். இன்டர்வியூ அழைப்பை அங்கே ஏற்கவே கூடாது. இன்டர்வியூ சட்டையைப் பையில் வைத்து வெளியே மாற்றிக்கொள்ளுங்கள். தினமும் டீ-ஷர்ட்டில் வருபவர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்தால் கேன்டீன் வரை செய்தி போய்விடும்.

படி 5: சரிபார்ப்புப் படிவம்

"இப்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாமா?" என்று படிவத்தில் கேட்பார்கள். அவசரத்தில் 'ஆம்' என்று குறித்துவிட்டு மாட்டியவர்கள் உண்டு. 'இல்லை' என்று குறித்து, "ராஜினாமா கொடுத்த பிறகு மட்டும்" என்று எழுதுங்கள். பரிந்துரைக்குப் பழைய கம்பெனியின் மேலாளரைக் கொடுங்கள். அவரிடம் முன்கூட்டியே பேசி, ரகசியம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நெருங்கிய சக ஊழியர்? என் கருத்தில் அவரிடமும் சொல்ல வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் மேனேஜர் எதேச்சையாக "எங்கே போயிருக்கார்?" என்று கேட்டால், பொய் சொல்லும் சுமை அவர் தலையில் விழும்.

எல்லாம் செய்தும் மேனேஜர் நேருக்கு நேர் கேட்டுவிட்டால், ஒரேயடியாக மறுக்காதீர்கள். பின்னால் அந்த மறுப்புதான் உறுத்தும். "நல்ல வாய்ப்பு வந்தால் கேட்டுப் பார்ப்பேன், முடிவு எதுவும் எடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டு, கையிலிருக்கும் வேலையைப் பற்றிப் பேசுங்கள். என்னிடம் அன்று மாலை கேட்டபோது நான் உளறியதைவிட அது எவ்வளவோ மேல்.

சம்பளமும் சேரும் தேதியும் எழுதி, கையெழுத்தான ஆஃபர் கைக்கு வந்த பிறகுதான் ராஜினாமா. அதையும் முதலில் மேனேஜரிடம், தனியாக, நேரில். டீமுக்கு எப்போது, யார் சொல்வது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.