ஸ்பானியத்தில் போரா, பாராவா?

உப்புவெளியில் ஸ்பானியப் பயணிகளைப் படகில் ஏற்றுகிறவர்கள் ‘போர்’, ‘பாரா’ இரண்டையும் ‘-க்காக’ என்றே பாடமாக்கினால் குழப்பம்தான். பின்னாலிருந்து தள்ளும் காரணமென்றால் போர்; முன்னால் இருக்கும் நோக்கமென்றால் பாரா.

“சாலிமோஸ் பாரா வேர் பாயேனாஸ்” என்றால் திமிங்கிலம் பார்க்கப் புறப்படுகிறோம். “நோ சாலிமோஸ் போர் எல் வியெந்தோ” என்றால் காற்றினால் போகவில்லை. ஐயம் வந்தால் ‘-ஆல்’ போட்டுப் பாருங்கள். பொருந்தினால் பெரும்பாலும் போர்தான்.

கையில் வாங்கப்போகிறவருக்கும் பாராதான்: “எல் தே எஸ் பாரா உஸ்தெத்”, தேத்தண்ணி உங்களுக்கு.

எவ்வளவு நேரம் என்று சொல்ல போர் வரும்: “போர் தோஸ் ஓராஸ்”, இரண்டு மணித்தியாலம். பேச்சில் இந்தப் போரை விட்டுவிடுவதும் சாதாரணம். ஆனால் “பாரா எல் லூனெஸ்” என்றால் கெடு: திங்கட்கிழமைக்குள் வேண்டும்.