வாஷிங் மெஷினா, லாண்டரியா? ஒரு லோடு கணக்கு

குன்னூரில் எங்கள் தெரு லாண்டரியில் 6 கிலோ துணியைத் துவைத்து உலர்த்தித் தர 150 ரூபாய். மெஷின் 28,000. எட்டு வருஷத்துக்கான ரிப்பேருக்கு 6,000 சேர்த்தால் 34,000. வாரம் நாலு லோடு என்றால் எட்டு வருஷத்தில் சுமார் 1,600 லோடு, அதாவது லோடுக்கு 21 ரூபாய். சோப்புக்கு 10. இங்கே குழாய்த் தண்ணீர் சில்லென்று இருப்பதால் ஹீட்டர் கூடுதலாக ஓடும். கரண்டுக்கு 6 வைத்தேன். ஆகமொத்தம் 37.

ஆனால் பலர் விட்டுவிடுவது உலர்த்தும் செலவை. மெஷின் பிழிந்து தருமே தவிர, உலர்த்தித் தராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொடியில் போட்ட ஜீன்ஸ் மூன்றாம் நாளும் இடுப்புப் பட்டையில் ஈரமாக இருக்கும், முக்கல் வாடை அடிக்கும். அதனால் வருஷத்துக்கு 60 லோடு லாண்டரியில் உலர்த்த மட்டும் தலா 70 கொடுக்கிறேன். அதைப் பரப்பினால் லோடுக்கு இன்னொரு 21. சரி, 58. அப்போதும் மெஷின்தான் லாபம்.

லீவுக்கு மட்டும் வருகிற வீடு என்றால் வருஷம் 20 லோடுதான்; மெஷின் விலையும் ரிப்பேருமே லோடுக்கு 212 ஆகிவிடும். அவர்கள் லாண்டரியிலேயே போடலாம்.