நள்ளிரவுப் பதிவுக்குப் பதில் எழுதும்போது நாம் விடும் பிழைகள்

போன கிழமை இரவு ஒரு மணி தாண்டி, ஊர்த் தம்பி ஒருவன் முகநூலில் இப்படி எழுதியிருந்தான்: “ஆறு வருசம். ஒரு மெசேஜில முடிச்சிட்டாள். வீட்டுக்காரர் சொன்னதும் தலையாட்டிட்டாள். நான் என்ன பிழை செஞ்சன் எண்டாவது சொல்லியிருக்கலாம். நித்திர வருதில்ல.” கீழே கூட்டாளிமார் வரிசையாகப் பதில் போட்டிருந்தார்கள். எல்லாரும் அவன்மேல் பாசம் உள்ள பிள்ளைகள்தான். ஆனால் அந்த வயதில் நான் எழுதிய அதே வரிகளை அங்கே திரும்ப வாசித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது.

கேலி செய்வது, சிரிப்புக்குறி போடுவது எல்லாம் பிழை என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நல்ல மனத்தோடு செய்கிற பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆறுதல் என்று நினைத்து மற்றவரைக் குறை சொல்வது

எனக்கு இன்றுவரை ஆறாத பிழை இதுதான்.

பத்து வருடத்துக்கு முன் என் நெருங்கிய நண்பன் ஒருவன் இப்படித்தான் நடுச்சாமத்தில் எழுதினான். நான் உடனே, “விடு மச்சான், அவள் உனக்குச் சரிவர மாட்டாள் எண்டு எனக்கு அப்பவே தெரியும்” என்று போட்டேன். அன்றிரவு அவனுக்கு அது இதமாக இருந்தது. இரண்டு கிழமையில் அவர்கள் திரும்பச் சேர்ந்தார்கள், அப்புறம் கல்யாணமும் முடித்தார்கள். எங்கள் மட்டக்களப்பில் கல்யாணம் முடித்தவன் பெரும்பாலும் பெண் வீட்டில்தான் போய் இருப்பான்; வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. ஆக, நான் குறை சொன்னது அந்த வீட்டுக்காரியை. அவள் அந்த வரியை அன்றே வாசித்திருந்தாள். நண்பனை இப்போதும் கல்லடிப் பாலத்தடியில் காண்கிறேன், நின்று கதைக்கிறோம். அவன் வீட்டுப் படியை நான் ஒரு நாளும் மிதித்ததில்லை. அவனும் வா என்று கூப்பிட்டதில்லை.

அவர்கள் திரும்பச் சேராமல் விட்டாலும் அந்த வரி காயந்தான். “அப்பவே தெரியும்” என்றால், தெரிந்தும் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாயா என்ற கேள்வி அவனுக்குள் வரும். ஆறு வருடம் நேசித்த ஒருத்தியைத் தரம் தாழ்த்தினால், அவளைத் தெரிந்தெடுத்த அவனையும் சேர்த்துத்தான் தாழ்த்துகிறோம். இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பக்கம் தாய்வழிக் குடி, முறை என்று எப்படியோ சுற்றிச் சொந்தமாகிவிடும். அவளுடைய மச்சாளும் சின்னம்மாவின் மகனும் அதே பதிவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விடிவதற்குள் ஸ்கிரீன்ஷொட் அந்த வீட்டுக்குப் போய்விடும்.

இந்தப் பிழை பல நேரம் புகழ்ச்சிக்குள்ளும் ஒளிந்திருக்கும். “உன்ன இழந்தது அவளுக்குத்தான் நட்டம்”, “உனக்கு இதவிட நல்லவள் கிடைப்பாள்” என்பவை திட்டுப்போலத் தெரியாது. ஆனால் இரண்டும் அவளைத் தராசில் வைத்துத்தான் பேசுகின்றன.

இதைப் பிடிக்க நான் பழகிக்கொண்ட வழி ஒன்று உண்டு. அனுப்பமுன் என் பதிலின் வினைச்சொற்களின் முடிவைப் பார்ப்பேன். ‘செய்தாள்’, ‘போனாள்’, ‘ஏமாற்றினான்’ என்று ஆள், ஆன் என்று முடிகிற சொல், அங்கே இல்லாத அந்த மற்றவரைப் பற்றி இருந்தால் அந்த வரியை எடுத்துவிடுவேன். மிஞ்சுகிற வரிகள் நண்பனையும் என்னையும் நடந்ததையும் பற்றி மட்டும் இருக்க வேண்டும். அவன் ‘முடிச்சிட்டாள்’ என்று எழுதியதை நான் ‘முடிஞ்சது’ என்று மாற்றினாலே போதும். யார் முடித்தார் என்ற வழக்கு அந்தச் சொல்லில் இல்லை, அவன் நோவு மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தத் தம்பிக்கு நான் எழுதியது இவ்வளவுதான்:

“தம்பி, ஆறு வருசம் ஒரு மெசேஜில முடிஞ்சது எண்டா நித்திர எப்பிடி வரும். நான் முழிச்சிதான் இருக்கன். கோல் எடு. கதைக்க ஏலாட்டி சும்மா எழுது.”

ஆறு வருடம், ஒரு மெசேஜ், நித்திரை மூன்றும் அவன் சொற்கள். அவற்றைத் திருப்பிச் சொன்னது, நான் முழுதாக வாசித்தேன் என்று அவனுக்குத் தெரியத்தான். வீட்டுக்காரர் சொன்னது, தலையாட்டியது இரண்டையும் வேண்டுமென்றே தொடவில்லை. அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

மற்றப் பக்கத்துக்கு வாதாடுவது

பக்கம் சாயக்கூடாது என்றதும் சிலர், “அவள்ட நிலையையும் யோசி, வீட்டில என்ன கஷ்டமோ” என்று எழுதுவார்கள். அதுவும் பக்கம் சாய்வதுதான், எதிர்ப் பக்கமாக. பகலில், அவனே “ஏன் அப்பிடிச் செஞ்சிருப்பாள்?” என்று கேட்டால் இரண்டு பேரும் யோசித்துப் பார்க்கலாம். இரவு ஒரு மணிக்கு அந்த வரி, ‘உன் அழுகையில் நியாயம் இல்லை’ என்றுதான் அவன் காதில் விழும்.

அவன் விடாமல் “நீயே சொல்லு, பிழை ஆர்ல?” என்று கேட்டால் மழுப்பக் கூடாது. “அத இப்ப என்னால சொல்ல ஏலா. உனக்கு நோகுது எண்டு மட்டும் நல்லாத் தெரியும்” என்று நேராகவே சொல்லலாம்.

பதிவின் கீழே “என்ன நடந்தது?” என்று கேட்பது

ஊர் பார்க்க அவனைச் சாட்சிக்கூண்டில் ஏற்றாதீர்கள். கேட்க வேண்டியதைத் தனியே கேளுங்கள்.

“காலம் எல்லாத்தையும் ஆத்தும்”

அன்றிரவு வேண்டாம்.

பதிவை அழிக்கச் சொல்லி அங்கேயே எழுதுவது

நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னால் அவன் வெட்கப்பட்டு இன்னும் இரண்டு பதிவு போடுவான். மறுநாள் தனியே சொல்லுங்கள். அழிக்க மனம் வராவிட்டால், பதிவை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் `Only me` என்று மாற்றினால் போதும். எழுதியது அவனிடம் இருக்கும், கீழே கூட்டாளிமார் போட்ட சூடான வரிகளும் மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஏற்கெனவே எடுத்த ஸ்கிரீன்ஷொட்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

எல்லாப் பதிவையும் ஒரே மாதிரி வாசிப்பது

அடித்தான், படத்தை வெளியே விடுவேன் என்று மிரட்டுகிறான் என்று ஒருத்தி எழுதினால் அது வெறும் பிரிவுக் கதை இல்லை. அங்கே நடுநிலை பேசாதீர்கள். அவள் பாதுகாப்பாக இருக்கிறாளா என்று முதலில் பாருங்கள்.

“இனி இருந்து என்ன”, “எல்லாருக்கும் நன்றி” போன்ற வரி கண்ணில் பட்டால் பதில் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே கோல் எடுங்கள். “சாகிற எண்ணம் வருதா?” என்று அந்தச் சொல்லையே வைத்துக் கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஓம் என்றால், அல்லது போனை எடுக்காவிட்டால், பக்கத்து வீட்டில் உள்ளவரை எழுப்பி அவனிடம் அனுப்புங்கள். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் கோல் எடுக்கலாம்.

விடிந்ததும் மறந்துவிடுவது

இரவு முழுக்கக் கூட இருந்தவர்கள் காலையில் காணாமல் போய்விடுகிறார்கள். எழும்பிப் போனைப் பார்க்கிற அந்த நேரந்தான் அவனுக்குப் பொல்லாதது. அவள் அனுப்புகிற “காலை வணக்கம்” அன்று இருக்காது.

அந்தத் தம்பி அன்றிரவு கோல் எடுக்கவில்லை, “சரி அண்ண” என்று மட்டும் போட்டான். காலை ஆறரைக்கு நான் எழுதினேன்: “எழும்பிட்டியா? ஏழரைக்கு வாறன், இடியப்பம் சாப்பிடப் போவம். கதைக்கத் தேவையில்ல.” வந்தான். அரை மணித்தியாலம் ஒன்றும் கதைக்கவில்லை. இரண்டாவது பிளேன்டி வந்தபிறகுதான் வாயைத் திறந்தான்.