43 மார்க் எடுத்தும் ஃபெயில்: ஒரு பாடம் போனால் செய்யக் கூடாதவை

ஒவ்வொரு மே மாதமும் பொதுத்தேர்வு ரிசல்ட் வந்த மறுநாள், புதிதாக வகுப்பாசிரியர் ஆன யாராவது ஒருவர் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, ஒரு பாடம் போன பிள்ளையின் பெற்றோருக்கு போனில் 'மறுகூட்டல் முடிவு வரட்டும்' என்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் சில வருடங்களுக்கு முன் அதே ஆலோசனையை அதே தெளிவோடு நானும் சொல்லியிருக்கிறேன். பாடத்துக்கு 35 எடுக்க வேண்டும், நான்கு பாடத்தில் 90 வாங்கி ஐந்தாவதில் 34 வாங்கினாலும் தேர்ச்சி இல்லை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மறுகூட்டல் முடிவு வரட்டும் என்று காத்திருப்பது

என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அறிவியல் மட்டும் இரண்டு துண்டாக இருக்கும். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 வாங்க வேண்டும். கூட்டினால் அதுவே 35 என்பதைக் கவனியுங்கள். 35 என்பது அந்த இரண்டு வரம்புகளின் கூட்டுத்தொகை. ஒரு பக்கம் குறைந்ததை இன்னொரு பக்கம் ஈடுகட்டாது.

என் வகுப்பில் ஒரு மாணவி. மற்ற நான்கிலும் தேர்ச்சி. அறிவியலில் எழுத்து 18, செய்முறை 25, மொத்தம் 43. தேர்ச்சி இல்லை. அவள் அம்மா பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், முப்பத்தஞ்சு போதும்னு சொன்னீங்களே, நாப்பத்திமூணு இருக்கே, கூட்டல்ல ஏதோ தப்பு நடந்திருக்கு" என்றார். அப்போது நானும் வரம்புகளைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. "ஆமாம்மா, மறுகூட்டலுக்குப் போடுவோம், அது வந்ததும் மற்றதைப் பார்க்கலாம்" என்றேன். சொன்னது ஒரே வாக்கியம். அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் போனது.

என்ன நடந்தது என்றால், ரிசல்ட் வந்த சில நாட்களில் இரண்டு விண்ணப்பங்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் திறக்கும். ஒன்று மறுகூட்டல், மற்றொன்று போன பாடத்தை அதே வருடம் திரும்ப எழுதும் துணைத்தேர்வு. துணைத்தேர்வுக்கான கடைசித் தேதி முதலில் முடிந்துவிடும், மறுகூட்டல் முடிவு அதற்கு அப்புறம்தான் வரும். விட்டவர்களுக்காகக் கூடுதல் கட்டணத்தோடு தக்கல் என்று இரண்டொரு நாள் தருவார்கள், அதையும் நாங்கள் காத்திருப்பிலேயே தாண்டினோம். கடைசியில் 'மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை' என்று வந்தது. மாற்றம் எப்படி இருக்கும், கூட்டலில் பிழையே இல்லையே! அடுத்த வாய்ப்பு அடுத்த மார்ச். பதினொன்றாம் வகுப்புக்குப் பத்தில் தேர்ச்சி வேண்டும், ஆக அவளுடைய தோழிகள் பிளஸ் ஒன் போனார்கள், அவள் வீட்டில் இருந்தாள்.

அவளுக்குக் குறைந்தது இரண்டே மார்க். செய்முறையில் வாங்கிய 25 அப்படியே நிற்கும், துணைத்தேர்வில் எழுத்துத் தாளை மட்டும் எழுதி 20 எடுத்தால் போதும். ஜூலையில் அதை முடித்திருந்தால் அதே வருடம் பிளஸ் ஒன் சேர்ந்திருப்பாள். இதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே கோபம் வரும்.

அதனால் இப்போது நான் செய்வது இது. தேர்ச்சி இல்லை என்று வந்தவுடன் முதலில் மொத்தத்தைப் பார்க்காமல் துண்டுகளைப் பார்ப்பேன். எழுத்தில் 18, 19 என்று வரம்புக்கு ஒட்டி இருந்தால் மறுகூட்டலுக்குப் போடுவதில் அர்த்தம் உண்டு, விடைத்தாளில் ஒரு பக்கத்தைக் கூட்டாமல் விட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கே துணைத்தேர்வுக்கும் போட்டுவிட வேண்டும். பள்ளி வழியாகப் படித்தவர்கள் அந்தப் பள்ளியிலேயே பதியலாம், தனித்தேர்வர்கள் அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்குப் போக வேண்டும். மறுகூட்டலில் தேறிவிட்டால் துணைத்தேர்வுக்குக் கட்டிய கட்டணம் வீண், அவ்வளவுதான். ஒரு வருடத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு பணமா?

எழுத்தில் 9, 10 என்று இருந்தால் மறுகூட்டல் பக்கமே போக வேண்டாம், புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

பிளஸ் டூவிலும் இதே பொறி

செய்முறை உள்ள பாடங்களில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மொத்தம் 35 வேண்டும், அதோடு எழுத்தில் மட்டும் 15 வேண்டும். இயற்பியலில் எழுத்து 14, மற்றவை முழுசாக 30, மொத்தம் 44 என்றாலும் தேர்ச்சி இல்லை. செய்முறை இல்லாத பாடங்களில் 90-க்கு எழுதுவார்கள், அதில் 25 வேண்டும்.

ஒரு போர்டின் விதியை இன்னொன்றுக்குச் சொல்வது

சி.பி.எஸ்.இ.யில் பத்தாம் வகுப்புக்கு எழுத்தும் அகமதிப்பீடும் சேர்த்து 33 சதவீதம் இருந்தால் போதும். அதே போர்டில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனால் எழுத்து, செய்முறை இரண்டிலும் தனித்தனியாக 33 சதவீதம் வேண்டும். இயற்பியலில் 70-க்கு 20, செய்முறையில் 30-க்கு 30, மொத்தம் 50 வாங்கின பையனும் ஃபெயில்தான். அண்ணன் பத்தில் இப்படித் தப்பித்தான், தம்பி பன்னிரண்டில் ஏன் மாட்டினான் என்று வீட்டில் கேட்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

பத்தில் இன்னொரு குழப்பம். ஆறாவது பாடமாகத் தகவல் தொழில்நுட்பம் போன்ற ஒரு திறன் பாடம் எடுத்துத் தேறியிருந்தால், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் மூன்றில் தவறிய ஒன்றுக்குப் பதிலாக அது கணக்கில் வந்து பிள்ளை தேர்ச்சி ஆகிவிடும். வீட்டில் லட்டு கொடுப்பார்கள். ஆனால் கணிதத்தில் தேறவில்லை என்பது பட்டியலில் அப்படியே இருக்கும். பதினொன்றில் கணிதம் எடுக்கும் எண்ணம் இருந்தால் அந்த வருடமே அதை மறுபடி எழுதிவிடுவது நல்லது, தேர்ச்சி ஆன பிள்ளைக்கும் அதற்கு வழி உண்டு.

எல்லாப் பாடத்தையும் திரும்ப எழுத வேண்டுமோ என்று பயப்படுவது

வேண்டாம். போனது மட்டும்.

எட்டாம் வகுப்புக்குள் 'ஃபெயில் பண்ணிட்டாங்க' என்று ஓடி வருவது

கட்டாயக் கல்விச் சட்டம் 2009-இல் வந்தபோது எட்டு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்று இருந்தது. 2019 திருத்தம் ஐந்து, எட்டு இரண்டு வகுப்புகளில் மட்டும் அதைத் தளர்த்தியது. ரிசல்ட் வந்து இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும், அதிலும் தவறினால் நிறுத்தலாமா என்பதை மாநில அரசே முடிவு செய்யலாம். மத்திய அரசு 2024 டிசம்பரில் தன் பள்ளிகளுக்கு நிறுத்தலாம் என்று விதி கொண்டுவந்தது, தமிழ்நாடு பழைய முறையிலேயே இருக்கப் போவதாக அறிவித்தது. ஆகவே கேந்திரிய வித்யாலயாவில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனை வைத்து உங்கள் பெண்ணுக்குக் கணக்குப் போடாதீர்கள். எந்தப் பள்ளியாக இருந்தாலும் எட்டு முடியும் வரை வெளியே அனுப்ப முடியாது.

கோபத்தில் டி.சி. வாங்குவது

துணைத்தேர்வு முடியும் வரை வேண்டாம். விண்ணப்பம், ஹால் டிக்கெட், மதிப்பெண் பட்டியல் மூன்றுக்கும் அதே ஆபீஸ் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.