விற்பனைப் படத்தில் நம்பர் பிளேட்டை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டியை விற்கப் படம் எடுக்கிறவர்கள் விளம்பரத்தில் போடுவதற்கு முன் நம்பர் பிளேட்டை மறைத்துத் தரச் சொல்லி என்னிடம் அனுப்புவது வழக்கம். இப்போது பலரும் தாங்களே செய்துகொள்கிறார்கள், நல்லதுதான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் பிழைகளைப் பார்த்தால், ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்தவையே திரும்ப வருகின்றன. முன் பிளேட்டை மறைத்துவிட்டுப் பின் பிளேட்டை மறப்பது போன்றவற்றை நான் சொல்லப் போவதில்லை. அவை கண்ணில் படும், திருத்திவிடலாம். கண்ணில் படாதவைதான் இங்கே.

## நிஜம் போலவே ஒரு எண்ணை எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், எண்ணை ஏன் மறைக்கிறோம்? ஒரு வண்டியின் மாடலும் நிறமும் எண்ணும் ஒரே படத்தில் கிடைத்தால், அதே மாடல், அதே நிறத்தில் திருட்டு வண்டி வைத்திருக்கிறவனுக்கு வேலை முடிந்தது. அந்த எண்ணில் ஒரு பிளேட் செய்து மாட்டிக்கொள்வான். அதன்பின் அவன் வாங்கும் அபராதங்கள் எல்லாம் உங்கள் முகவரிக்கு வரும். விற்பனை விளம்பரங்கள் இதற்கு வசதியான பட்டியல். மாடல், நிறம், ஆண்டு என்று பிரித்துத் தேடும் வசதியையும் விளம்பரத் தளமே கொடுத்துவிடுகிறது.

சரி, மறைக்க வேண்டும். புதியவர் என்ன செய்கிறார்? வெறும் பிளேட் அசிங்கமாகத் தெரிகிறது என்று, தன் எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் மாற்றி எழுதுகிறார்.

எனக்குத் தெரிந்த ஒருவர் தன் சாம்பல் நிறக் காருக்கு இப்படித்தான் செய்தார். வேலை அபாரமாக இருந்தது. எழுத்துரு, இடைவெளி, நிழல் எதிலும் குறை சொல்ல முடியாது. அதுவே வினையாகப் போனது. வாங்க வந்தவர்களில் ஒருவர் விவரமானவர். படத்தில் இருந்த எண்ணைப் பதிவு விவரங்களில் தேடிப் பார்த்தார். வந்தது வேறு ஒரு வண்டி, அதுவும் இருசக்கர வாகனம். காரில் இருசக்கர வாகனத்தின் எண் இருந்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: திருட்டு வண்டி. அவர் விற்பவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, நேரே தளத்தில் புகார் கொடுத்துவிட்டார். விளம்பரம் நீக்கப்பட்டது. புதிய படங்களோடு மறுபடி போடுவதற்குள், முதலில் ஆர்வம் காட்டியவர்கள் வேறு வண்டி பார்த்துவிட்டார்கள். கடைசியில் அவர் கேட்ட விலையைவிடக் குறைத்துத்தான் விற்றார். “ரெண்டு நம்பர்தானே மாத்தினேன்” என்பதுதான் அவர் கடைசிவரை சொன்னது.

அந்த ‘ரெண்டு நம்பரில்’தான் விஷயமே இருக்கிறது. பதிவு எண்களைப் பல இடங்களில் வரிசையாகவே கொடுக்கிறார்கள். உங்கள் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ளவை அநேகமாக உங்கள் வண்டி பதிவான அதே சமயத்தில் யாருக்கோ கொடுக்கப்பட்டிருக்கும். கடைசி இலக்கத்தை மாற்றினால் கற்பனை எண் கிடைக்காது, அடுத்தவர் எண் கிடைக்கும். உங்களுக்கு நடக்கக் கூடாது என்று எதைத் தவிர்த்தீர்களோ, அதை முன்பின் தெரியாத ஒருவருக்கு நீங்களே செய்து கொடுக்கிறீர்கள்.

இதற்குச் சில மாற்று வடிவங்களும் உண்டு. 1234 மாதிரி ‘பொய் என்று தெரியும்’ எண் போடலாமே என்பார்கள். அப்படிப்பட்ட எண்களைத்தான் சிலர் ஆசைப்பட்டுக் கூடுதல் பணம் கட்டி வாங்குகிறார்கள். இன்னும் சிலர் இணையத்தில் கிடைத்த அழகான பிளேட் படத்தை எடுத்து ஒட்டுகிறார்கள். அந்தப் படம் எங்கோ நிற்கும் ஒரு நிஜ வண்டியிலிருந்து வந்தது.

நான் வைத்திருக்கும் சோதனை எளிது. பிளேட்டில் இருப்பதை ஒருவர் அப்படியே தேடல் பெட்டியில் தட்டி, பதில் எதிர்பார்க்க முடியுமா? முடியும் என்றால் அது தவறான பிளேட். ஒன்றும் எழுதாத வெறும் பிளேட், ‘விற்பனைக்கு’ என்ற சொல், வண்டியின் மாடல் பெயர், இவற்றில் ஒன்று போதும். எண்ணைப் போல ஏமாற்றும் எதுவும் வேண்டாம்.

அப்புறம், விளம்பர வரிகளில் ஓரிடத்தில் “படத்தில் பிளேட் மறைக்கப்பட்டுள்ளது, வண்டியை நேரில் பார்க்க வருகிறவர்களுக்கு எண் தரப்படும்” என்று எழுதிவிடுங்கள். வாங்குகிறவருக்கு வண்டியின் கடந்த காலத்தைச் சரிபார்க்க நிஜ எண் தேவை. அது அவருடைய நியாயம். எண்ணை அவரிடம் கொடுக்கத் தயங்கினால், மறைத்ததற்கே வேறு அர்த்தம் வந்துவிடும்.

## பிளேட்டை முழுதாகப் பெயர்த்து வேறொன்றை ஒட்டுவது

தட்டையான செவ்வகம் ஒன்றை வரைந்து பழைய பிளேட்டின் மேல் வைத்தால், அது வண்டியில் இருக்காது, படத்தின் மேல் மிதக்கும். சட்டம், போல்ட், பம்பரின் நிழல் எல்லாம் போய்விடுவதுதான் காரணம். பார்க்கிறவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ‘இந்தப் படத்தில் ஏதோ செய்திருக்கிறார்கள்’ என்று தோன்றும். பிறகு கதவின் கீறலையும் அழித்திருப்பார்களோ என்று யோசிப்பார்.

பழைய பிளேட்டையே விட்டுவைத்து, எழுத்துகளை மட்டும் எடுங்கள். GIMP என்ற படத்திருத்த மென்பொருளில் நான் செய்வது இது. பிளேட்டின் உள்பகுதியைச் சட்டத்தை ஒட்டித் தேர்ந்தெடுத்து, புதிய லேயர் ஒன்றில் நிரப்புகிறேன். ஒரே வெள்ளையால் நிரப்புவதில்லை. பிளேட்டின் இடது ஓரத்தில் எழுத்து இல்லாத இடத்து நிறத்தையும், வலது ஓரத்து நிறத்தையும் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல மாறும்படி நிரப்புகிறேன். நிழலில் நிற்கும் வண்டியின் ‘வெள்ளை’ பிளேட் உண்மையில் நீலம் கலந்த சாம்பலாக இருக்கும். கண்ணை நம்பாமல் நிறம் எடுக்கும் கருவியை நம்புங்கள்.

அடுத்து எழுத்து. தனி லேயரில் நேராகத் தட்டச்சு செய்து, Perspective கருவியால் நான்கு மூலைகளையும் இழுத்துப் பிளேட்டின் சாய்வுக்குக் கொண்டுவர வேண்டும். எழுத்து லேயரின் பெட்டி எழுத்தின் அளவுக்கே இருக்கும் என்பதால், அதை முதலில் பிளேட்டின் நீள அகலத்துக்கு விரித்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் மூலைக்கு மூலை பொருந்தும். முழுக் கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல் போதும். கடைசியாக, எழுத்தின் விளிம்பைப் பக்கத்தில் உள்ள நிறுவன முத்திரையின் விளிம்போடு ஒப்பிட்டு, அதே அளவு மங்கும்வரை Gaussian Blur கொடுங்கள். பெரும்பாலும் ஓரிரு பிக்சலே போதும். வண்டியில் மற்றதெல்லாம் லேசாக மங்கி, பிளேட் எழுத்து மட்டும் கத்தி மாதிரி கூர்மையாக நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நிழல் இயல்பாகத் தெரியட்டும் என்று நிரப்பும் லேயரையும் Multiply முறையில் வைத்துவிடுகிறார்கள். அந்த முறையில் வெளிர் நிறம் கீழே இருப்பதை மறைக்காது, பழைய எண் அப்படியே தெரியும். அதைப் பார்த்துவிட்டு, பழைய எண்ணைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெளுக்கச் செய்கிறார்கள். எழுத்து லேயர் வேண்டுமானால் Multiply-இல் இருக்கட்டும். நிரப்பும் லேயர் Normal முறையில், முழு ஒளிபுகாமையுடன்தான் இருக்க வேண்டும். Heal கருவியால் எழுத்துகளைத் தேய்த்து எடுப்பதும் இதே வகைதான். அது சுற்றியிருக்கும் நிறத்தோடு கலந்து சமன் செய்யும் கருவி என்பதால் எண்ணின் மெல்லிய தடம் தங்கிவிடலாம்.

தடம் தங்கியதா என்று கண்டுபிடிப்பது சுலபம். முடிந்த படத்தை JPG ஆக ஏற்றுமதி செய்து, அந்த JPG-ஐயே மறுபடி திறந்து, Levels-இல் இரண்டு முனைகளையும் பிளேட்டின் நிறம் வரை நெருக்கிப் பாருங்கள். ஒளிந்திருக்கும் எண் பேயாக எழுந்து வரும். நீங்கள் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்வார்கள்.

## மொசைக் போட்டால் போதும் என்பது

போதாது. எழுத்துரு தெரிந்தது, எண்ணின் அமைப்பு தெரிந்தது. சாத்தியமான எண்களுக்கும் அதே மொசைக்கைப் போட்டு ஒப்பிட்டால் சரியானது பொருந்திவிடக்கூடும். கட்டம் சிறிதாக இருக்க இருக்க வேலை சுலபமாகும்.

## படத்துக்குள் இருக்கும் குட்டிப் படம்

கேமரா எடுக்கும் JPG கோப்பில், முன்னோட்டத்துக்கென ஒரு சிறிய படமும் சேர்ந்தே பதிவாகியிருக்கலாம். சில மென்பொருள்கள் பெரிய படத்தை மாற்றிச் சேமிக்கும்போது அந்தக் குட்டிப் படத்தைப் புதுப்பிப்பதில்லை. மேலே புது பிளேட், உள்ளே பழைய பிளேட். சிறியதுதான், ஆனால் பிளேட்டை நெருக்கத்தில் எடுத்த படமாக இருந்தால் வாசிக்க முடியும். எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகளும் அதே பகுதியில் இருக்கலாம். அதாவது, வண்டி இரவில் நிற்கும் இடம். விளம்பரத் தளங்கள் பலவும் இவற்றை நீக்கிவிடும். ஆனால் படத்தைக் கோப்பாகவே யாருக்காவது அனுப்பினால் எல்லாம் கூடவே போகும்.

இதற்கு exiftool என்ற கட்டளைவரி மென்பொருள் உதவும். உள்ளே இருக்கும் குட்டிப் படத்தைத் தனியே எடுத்துப் பார்க்க முதல் வரி, எல்லாவற்றையும் துடைக்க இரண்டாவது:

```
exiftool -b -ThumbnailImage car.jpg > thumb.jpg
exiftool -all= car.jpg
```

இரண்டாவது வரி, பழைய கோப்பை `car.jpg_original` என்ற பெயரில் பக்கத்திலேயே வைத்துவிடும். கோப்புறையை மொத்தமாக அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டும். படம் எந்தப் பக்கம் நிமிர்ந்தது என்ற குறிப்பும் துடைபட்டுவிடுவதால் சில படங்கள் சாய்ந்து படுத்துக்கொள்ளும். முதலில் சரியாகத் திருப்பிச் சேமித்துவிட்டுப் பிறகு துடைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

## பிளேட்டில் மட்டுமே எண் இருக்கிறது என்று நினைப்பது

கண்ணாடியில் ஒட்டிய வில்லை, கண்ணாடி ஓரத்தில் பொறித்த எழுத்து, இருக்கையில் கிடக்கும் காப்பீட்டுத் தாள், ஈரத் தரையில் தலைகீழாகத் தெரியும் பிரதிபலிப்பு. பல கார்களில் முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் வண்டியின் அடையாள எண்ணே வெளியிலிருந்து தெரியும். பக்கத்தில் நிற்கும் வண்டியின் பிளேட்டையும் மறைத்துவிடுங்கள், அவர் எதையும் விற்கவில்லை.

## பிளேட்டில் கைபேசி எண்ணை எழுதுவது

வேண்டாம். படத்தில் தொடர்பு எண் இருந்தால் பல தளங்கள் விளம்பரத்தையே ஏற்காது.

## எண் இல்லாத பிளேட்டை அச்சிட்டு வண்டியிலேயே மாட்டுவது

படம் எடுத்ததும் கழற்ற மறந்து சாலையில் ஓட்டினால் அது குற்றம். மாற்றம் படத்தோடு நிற்கட்டும்.

## கோப்பின் பெயர்

இவ்வளவும் செய்துவிட்டு, வண்டி எண்ணையே கோப்பின் பெயராக வைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். `front.jpg`, `rear.jpg` என்று வையுங்கள்.